அம்புக்குறியைத் திருப்பினாலும் அதே மைனஸ்

ஒரே இடத்தில் ரப்பரால் தேய்த்துத் தேய்த்து, நோட்டுத் தாள் மெலிந்து பின்பக்க எழுத்து தெரிய ஆரம்பித்திருந்தது. அண்ணன் மகள் அந்தப் பக்கத்தை என் முன்னால் தள்ளினாள்.

"சித்தப்பா, கரண்ட் மைனஸ்ல வருது."

"வரட்டுமே."

"புக் பின்னாடி 3, 1, 2 ஆம்பியர்னு போட்டிருக்கு. மைனஸே கிடையாது. எனக்கு மட்டும் ஒண்ணு மைனஸ்ல வந்துச்சு. சரி, அம்பைத் தப்பாப் போட்டுட்டோம்னு அதைத் திருப்பிப் போட்டுத் திரும்பவும் செஞ்சேன். அப்பவும் மைனஸ்தான். இந்தத் தடவை நம்பரும் மாறிடுச்சு."

அவள் கடைசியாகச் சொன்னது எனக்குச் சிரிப்பை வரவழைத்தது. அவள் வயதில் நானும் இதையே செய்திருக்கிறேன். முதலில் ஒரு மைனஸ், அம்பைத் திருப்பினால் இன்னொரு மைனஸ். மின்சுற்று நம்மைக் கேலி செய்வதுபோல இருக்கும். எனக்கு இதை அப்போது யாரும் விளக்கவில்லை. 'எங்கேயோ கூட்டல் கழித்தல் பிழை' என்று சொல்லிவிட்டு ஆசிரியர் அடுத்த கணக்குக்குப் போய்விட்டார். உண்மையில் அது கூட்டல் கழித்தல் பிழையே இல்லை. அவள் போட்ட கணக்கை வைத்தே அதைப் பார்த்துவிடலாம்.

படம் இதுதான். செவ்வகம் ஒன்று, நடுவில் மேலிருந்து கீழாக ஒரு கோடு. ஆக இரண்டு அறைகள். இடப்பக்கக் கோட்டில் 14 வோல்ட் பேட்டரியும் 2 ஓம் மின்தடையும். நடுக்கோட்டில் 4 ஓம் மின்தடை மட்டும். வலப்பக்கக் கோட்டில் 5 வோல்ட் பேட்டரியும் 3 ஓம் மின்தடையும். இரண்டு பேட்டரிகளுக்கும் நீளக் கோடு, அதாவது நேர்முனை, மேல்பக்கம் பார்த்து இருக்கிறது. மூன்று கிளைகளிலும் ஓடும் மின்னோட்டத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். எந்தக் கிளையிலும் அம்புக்குறி போடாமல் கொடுத்திருந்தார்கள். அதுதான் இந்தக் கணக்கின் ருசி.

தொடர் இணைப்பு, பக்க இணைப்பு என்று சுருக்கிக்கொண்டே போனால் ஆகாதா என்று முதலில் தோன்றும். ஆகாது. 3 ஓமும் 4 ஓமும் பக்கத்தில் பக்கத்தில் நிற்பதால் பக்க இணைப்பு போலக் கண்ணுக்குத் தெரியும். ஆனால் 3 ஓமோடு ஒரு பேட்டரி ஒட்டிக்கொண்டிருக்கிறது. இரண்டு தடைகளின் இரு முனைகளும் ஒரே இரண்டு புள்ளிகளில் சேர்ந்தால்தான் அது பக்க இணைப்பு. இங்கே நடுவில் பேட்டரி புகுந்து கெடுத்துவிட்டது. அதனால்தான் கிர்க்காஃப் விதிகளிடம் போகிறோம்.

புத்தகத்தில் படத்தின் மூலைகளுக்கெல்லாம் a முதல் f வரை பெயர் வைத்திருந்தார்கள். அவள் ஆறு எழுத்துகளையும் சந்தி என்று நினைத்துக்கொண்டு நான்கு மூலைகளுக்கும் சமன்பாடு எழுத முயன்றிருந்தாள். மூலை என்பது கம்பி வளையும் இடம், அவ்வளவுதான். அங்கே மின்னோட்டம் பிரிவதும் இல்லை, சேர்வதும் இல்லை. மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட கம்பிகள் கூடும் இடம்தான் சந்தி. இந்தப் படத்தில் அப்படி இரண்டே இடங்கள்: நடுக்கோடு மேலே தொடும் இடம், கீழே தொடும் இடம். மேலே உள்ளதை A என்றும் கீழே உள்ளதை B என்றும் வைத்துக்கொள்வோம். மற்ற எழுத்துகளை மறந்துவிடலாம்.

இப்படிப் பார்த்தால் படமே எளிதாகிவிடும். A, B என்று இரண்டு ஊர்கள், இடையே மூன்று சாலைகள். இடச்சாலை, நடுச்சாலை, வலச்சாலை. ஒவ்வொரு சாலையிலும் ஒரே அளவு மின்னோட்டம்தான், தொடக்கம் முதல் முடிவு வரை. ஆக மொத்தம் மூன்று எண்கள் வேண்டும், மூன்று சமன்பாடுகள் வேண்டும்.

அடுத்து அம்புகள். அவள் முதலில் போட்டது நல்ல ஊகம். இரண்டு பேட்டரிகளும் நேர்முனையை மேலே காட்டுகின்றன, ஆகவே இரண்டும் மேல்நோக்கித் தள்ளும் என்று வைத்துக்கொண்டாள். இடக்கிளையில் I₁ மேலே, வலக்கிளையில் I₂ மேலே, இரண்டும் A-யில் சேர்ந்து நடுக்கிளை வழியாக I₃ ஆகக் கீழே இறங்குகிறது. எந்தப் பக்கம் அம்பு போட்டாலும் சரிதான், தப்பான அம்பு என்று ஒன்று கிடையாது. அம்பு என்பது 'இந்தப் பக்கம் போனால் அதைக் கூட்டல் என்று எண்ணுவேன்' என்று நாம் நமக்கே செய்துகொள்ளும் ஒப்பந்தம். மின்னோட்டம் நிஜமாக எந்தப் பக்கம் போகிறது என்பதை அம்பு தீர்மானிப்பதில்லை.

சந்தி விதிக்கு அதிக விளக்கம் தேவையில்லை. A-க்குள் வரும் மின்னூட்டம் அங்கே தேங்கி நிற்காது, வந்தது அனைத்தும் வெளியேறியாக வேண்டும்.

I₁ + I₂ = I₃

B-க்கும் எழுதலாமே என்று கேட்டாள். எழுதிப் பார்க்கச் சொன்னேன். B-க்குள் I₃ வருகிறது, I₁-உம் I₂-உம் வெளியேறுகின்றன. அதே சமன்பாடு, இடவலம் மாறி வந்திருக்கிறது. இரண்டு சந்தி இருந்தால் உருப்படியான சந்திச் சமன்பாடு ஒன்றுதான். மீதி இரண்டும் சுற்று விதியிலிருந்து வர வேண்டும்.

சுற்று விதியில்தான் எல்லாரும் தடுக்கி விழுகிறார்கள். விதி சொல்வது இதுதான்: ஒரு புள்ளியில் கிளம்பி, மூடிய சுற்றைச் சுற்றி அதே புள்ளிக்கு வந்தால், மின்னழுத்தத்தில் ஏறியதும் இறங்கியதும் கழிந்து சுழியாகிவிடும். மாடிப்படிகளில் ஏறி இறங்கிக் கிளம்பிய தளத்துக்கே வந்து சேர்ந்தவர், மொத்தத்தில் எவ்வளவு உயர்ந்தார்? ஒன்றுமில்லை. அதேதான் இங்கும்.

இதில் நடப்பவர் நாம். மின்னோட்டம் தன் பாட்டுக்கு ஓடட்டும். நாம் விரல் வைத்துப் படத்தின் மேல் சுற்றுகிறோம். விரல் போகும் திசை வேறு, அம்பு காட்டும் திசை வேறு. இரண்டையும் குழப்பிக்கொள்வதுதான் பாதிப் பிழைகளுக்குக் காரணம்.

மின்தடையைக் கடக்கும்போது அம்பைப் பார்க்க வேண்டும். மின்தடையில் மின்னோட்டம் எப்போதும் உயர்ந்த மின்னழுத்தத்திலிருந்து தாழ்ந்த மின்னழுத்தத்துக்குத்தான் ஓடும். அம்போடு சேர்ந்து விரல் போனால் இறக்கம், ஆகவே −IR. அம்புக்கு எதிராகப் போனால் ஏற்றம், +IR. பேட்டரியைக் கடக்கும்போது அம்பைப் பார்க்கவே கூடாது. குட்டைக் கோட்டிலிருந்து நீளக் கோட்டுக்குப் போனால் ஏற்றம், நீளத்திலிருந்து குட்டைக்குப் போனால் இறக்கம். பேட்டரி வழியாக மின்னோட்டம் எந்தப் பக்கம் ஓடினாலும் அதன் நேர்முனை எதிர்முனையைவிட அதே 5 வோல்ட் உயரத்தில்தான் இருக்கும். 'மின்னோட்டம் தலைகீழாகப் போகிறதே, பேட்டரிக்கும் மைனஸ் போட வேண்டாமா' என்று கேட்காதவர்களை நான் பார்த்ததில்லை. வேண்டாம்.

இப்போது இடச்சுற்று. B-யில் விரலை வைத்து இடக்கிளை வழியாக மேலே ஏறுகிறோம். பேட்டரியைக் குட்டையிலிருந்து நீளத்துக்குக் கடக்கிறோம், +14. பிறகு 2 ஓம், அம்போடு சேர்ந்து, −2I₁. A வந்துவிட்டது. நடுக்கிளை வழியாகக் கீழே இறங்கினால் 4 ஓம், அதுவும் அம்போடு சேர்ந்து, −4I₃. திரும்பவும் B.

14 − 2I₁ − 4I₃ = 0

வலச்சுற்றையும் கடிகாரத் திசையிலேயே சுற்றலாம். B-யில் கிளம்பி இந்தத் தடவை நடுக்கிளை வழியாக மேலே ஏறுகிறோம். I₃ கீழே பார்க்கிறது, நாம் மேலே போகிறோம், ஆகவே +4I₃. A-யிலிருந்து வலக்கிளை வழியாகக் கீழே இறங்குகிறோம். I₂ மேலே பார்க்கிறது, நாம் கீழே போகிறோம், +3I₂. கடைசியில் பேட்டரி, நீளக் கோட்டிலிருந்து குட்டைக் கோட்டுக்கு, −5.

4I₃ + 3I₂ − 5 = 0

ஒரே 4 ஓம் மின்தடை ஒரு சமன்பாட்டில் மைனஸாகவும் இன்னொன்றில் பிளஸாகவும் வந்திருக்கிறது. இது சிலரை உறுத்தும். ஒரே படிக்கட்டில் ஒரு தடவை இறங்கினோம், இன்னொரு தடவை ஏறினோம்.

மூன்று சமன்பாடுகள் ஆயிற்று. இனி வெறும் எட்டாம் வகுப்புக் கணக்குதான். I₃ இருக்கும் இடத்தில் I₁ + I₂ போட்டால் முதல் சுற்று

3I₁ + 2I₂ = 7

என்றும், இரண்டாவது சுற்று

4I₁ + 7I₂ = 5

என்றும் ஆகும். முதலாவதை 4-ஆலும் இரண்டாவதை 3-ஆலும் பெருக்கிக் கழித்தால் −13I₂ = 13. ஆகவே I₂ = −1. அதைப் போட்டால் I₁ = 3, I₃ = 2.

இதுவரை அவள் நோட்டிலும் அப்படியே இருந்தது. ஒரு பிழைகூட இல்லை. −1 என்று எழுதிய இடத்தில்தான் ரப்பரை எடுத்திருக்கிறாள்.

புத்தகத்தின் மேல் எனக்குக் கோபம் வந்தது அங்கேதான். விடைப் பக்கத்தில் 3, 1, 2 என்று அளவை மட்டும் போட்டிருந்தார்கள், திசையைச் சொல்லவில்லை. அம்பே இல்லாத படத்துக்கு இது பாதி விடைதான். −1 என்று வந்தால் '1 ஆம்பியர், நான் போட்ட அம்புக்கு எதிர்த்திசையில்' என்று வாசிக்க வேண்டும். அவ்வளவுதான். அழிக்க ஒன்றும் இல்லை.

ஆனால் அவள் அழித்தாள். அடுத்து நடந்தது சுவாரசியமானது.

படத்தில் I₂ அம்பைக் கீழ்நோக்கித் திருப்பினாள். அதற்கேற்ப சந்திச் சமன்பாட்டையும் மாற்றினாள். இப்போது A-க்குள் I₁ மட்டும் வருகிறது, I₂-உம் I₃-உம் வெளியேறுகின்றன. I₁ = I₂ + I₃. சரிதான். பிறகு சுற்றுச் சமன்பாடுகள் ஏற்கெனவே எழுதித்தானே இருக்கின்றன என்று அவற்றைத் தொடாமல் விட்டுவிட்டாள். அங்கேதான் வினை. வலக்கிளையில் கீழே இறங்கும் விரலுக்கு இப்போது அம்பு எதிரி இல்லை, கூட்டாளி. +3I₂ என்பது −3I₂ ஆகியிருக்க வேண்டும். ஆகவில்லை.

அந்தக் கலவையைத் தீர்த்தால் I₁ = 0.6, I₂ = −2.6, I₃ = 3.2 என்று வருகிறது. மறுபடியும் மைனஸ். நம்பரும் மாறிவிட்டது. அவள் சொன்னது அத்தனையும் அப்படியே.

ஏன் மறுபடியும் மைனஸ் வர வேண்டும்? சந்தி விதியில் மட்டும் I₂-வின் குறியை மாற்றியதும், சுற்று விதியில் மட்டும் அதை மாற்றுவதும் கணக்கைப் பொறுத்தவரை ஒன்றுதான். சந்தி விதிக்கு அம்பு கீழே, சுற்று விதிக்கு அம்பு மேலே. வேறு மாதிரி சொன்னால், 3 ஓம் மின்தடையில் மின்னோட்டம் போகப் போக மின்னழுத்தம் இறங்குவதற்குப் பதிலாக ஏறுகிறது என்று எழுதிவிட்டோம். அதாவது அங்கே இருப்பது +3 ஓம் அல்ல, −3 ஓம். அப்படி ஒரு மின்தடை இருந்தால் இந்த விடை சரிதான்! படத்தில் இல்லாத ஒரு மின்சுற்றின் விடையை அவள் பிழையில்லாமல் கண்டுபிடித்திருந்தாள். அம்பைத் திருப்பியதால் வந்திருக்க வேண்டிய +1-க்கும் இதற்கும் எந்த உறவும் கிடையாது.

திருப்பியே ஆக வேண்டுமென்றால் படத்திலிருந்து எல்லாவற்றையும் புதிதாக எழுத வேண்டும். அம்பு மாறினால் அந்த எழுத்து வரும் ஒவ்வொரு இடமும் மாறும். நான் அவளிடம் சொன்னது அதைவிடச் சோம்பேறித்தனமான வழி: அம்பைத் தொடாதே, மைனஸை வைத்துக்கொண்டே கடைசிவரை போ, விடை எழுதும்போது திசையைச் சொல்லிவிடு.

"சரி சித்தப்பா, புக்ல விடை இல்லைன்னா 0.6 தப்புன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

நியாயமான கேள்வி. பெரும்பாலோர் செய்யும் சோதனை இங்கே ஏமாற்றிவிடும். விடையைச் சமன்பாடுகளில் திரும்பப் போட்டுப் பார்ப்பார்கள். 0.6 = −2.6 + 3.2, சரி. 14 − 1.2 − 12.8 = 0, சரி. 12.8 − 7.8 − 5 = 0, அதுவும் சரி. சரியாக வராமல் என்ன செய்யும்? அந்தச் சமன்பாடுகளிலிருந்து வந்த விடைதானே. தீர்த்த விதத்தில் பிழை இருந்தால்தான் இந்தச் சோதனை காட்டிக்கொடுக்கும். எழுதிய விதத்தில் பிழை இருந்தால் அது வாயே திறக்காது.

நான் செய்யும் சோதனை வேறு. சமன்பாடுகளை மூடி வைத்துவிட்டுப் படத்துக்குத் திரும்ப வேண்டும். மூன்று சாலைகளும் B-யிலிருந்து A-க்குப் போகின்றன. B-யைவிட A எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று மூன்று சாலை வழியாகவும் தனித்தனியே கேட்க வேண்டும். எந்தச் சாலையில் ஏறினாலும் ஒரே உயரம் வந்தாக வேண்டும்.

அவளுடைய இரண்டாவது விடையை எடுப்போம். இடச்சாலை: 14 வோல்ட் ஏற்றம், 2 ஓமில் 0.6 ஆம்பியருக்கு 1.2 வோல்ட் இறக்கம். A-யின் உயரம் 12.8. நடுச்சாலை: 4 ஓமில் 3.2 ஆம்பியர் கீழ்நோக்கி ஓடுகிறது, ஆகவே மேலே உள்ள A 12.8 வோல்ட் உயரம். பரவாயில்லையே என்று தோன்றும். வலச்சாலை: அம்பு கீழே, எண் −2.6, ஆகவே நிஜத்தில் 2.6 ஆம்பியர் மேலே போகிறது. 5 வோல்ட் ஏற்றம், 3 ஓமில் 7.8 வோல்ட் இறக்கம். A-யின் உயரம் −2.8.

ஒரே புள்ளி 12.8 வோல்ட்டிலும் −2.8 வோல்ட்டிலும் இருக்க முடியாது. குட்டு வெளிப்பட்டுவிட்டது. எந்தச் சாலையில் பிழை என்றுகூடத் தெரிந்துவிட்டது.

முதல் விடையை அதே மாதிரி பார்த்தால்: இடச்சாலையில் 14 − 6 = 8. நடுச்சாலையில் 4 × 2 = 8. வலச்சாலையில் 1 ஆம்பியர் கீழே போகிறது, நாம் மேலே ஏறுகிறோம், 5 வோல்ட் ஏற்றத்தோடு இன்னொரு 3 வோல்ட் ஏற்றம், 8. மூன்றும் 8. ஒரு நிமிட வேலைதான்.

இங்கே அவள் இன்னொன்று கேட்டாள். வெளிச்சுற்று ஒன்றும் இருக்கிறதே, இடக்கிளையில் ஏறி வலக்கிளையில் இறங்குவது, அதையும் ஒரு சமன்பாடாக வைத்துக்கொண்டால் என்ன? வைத்துக்கொள்ளலாம், ஆனால் புதிதாக ஒன்றும் சொல்லாது. இடச்சுற்றையும் வலச்சுற்றையும் கூட்டினால் நடுக்கிளை கழிந்துபோய் வெளிச்சுற்று தானாக வந்துவிடும். சந்திச் சமன்பாட்டை விட்டுவிட்டு மூன்று சுற்றுகளையும் வைத்துத் தீர்க்க முயன்றால் கடைசியில் 0 = 0 என்று வந்து நிற்கும். தேர்வு அறையில் அப்படி வந்து வியர்த்துப்போன அனுபவம் எனக்கு உண்டு. சோதனைக்கு வேண்டுமானால் வெளிச்சுற்று உதவும், அதையும் படத்தைப் பார்த்துப் புதிதாக எழுதினால்தான். பழைய இரண்டைக் கூட்டி எழுதினால் பழைய பிழையும் கூடவே வந்து உட்கார்ந்துகொள்ளும்.

−1 என்பதற்கு வருவோம். அது என்ன சொல்கிறது? 5 வோல்ட் பேட்டரியின் நேர்முனை வழியாக 1 ஆம்பியர் உள்ளே போகிறது. அந்தப் பேட்டரி மின்னாற்றல் கொடுக்கவில்லை, வாங்கிக்கொண்டிருக்கிறது. மறுமின்னேற்றம் செய்யக்கூடிய பேட்டரி என்றால் அது சார்ஜ் ஆகிக்கொண்டிருக்கிறது என்று பொருள்.

திறன் கணக்கைப் போட்டால் இது இன்னும் தெளிவாகும். 14 வோல்ட் பேட்டரி 3 ஆம்பியர் கொடுக்கிறது, 42 வாட். 2 ஓமில் 18 வாட் வெப்பமாகிறது, 4 ஓமில் 16, 3 ஓமில் 3. கூட்டினால் 37. மீதி 5 வாட் எங்கே? 5 வோல்ட் பேட்டரிக்குள் 1 ஆம்பியர் போகிறதே, அதுதான் அந்த 5 வாட். மைனஸை 'தப்பு' என்று தூக்கிப் போட்டு, 5 வோல்ட் பேட்டரியும் ஆற்றல் கொடுக்கிறது என்று வைத்திருந்தால் வரவு 47, செலவு 37 என்று 10 வாட் உதைக்கும்.

கணக்குப் போடுவதற்கு முன்னாலேயே இந்தத் திசையை ஊகிக்க முடியுமா? இந்தப் படத்தில் முடியும். வலக்கிளையை மனத்துக்குள் கழற்றி வைத்துவிடுங்கள். 14 வோல்ட் பேட்டரி, 2 ஓம், 4 ஓம், ஒரே சுற்று. A-க்கும் B-க்கும் இடையே 14-இல் ஆறில் நான்கு பங்கு, சுமார் 9.3 வோல்ட். இப்போது வலக்கிளையைத் திரும்ப மாட்டுங்கள். ஏற்கெனவே 9.3 வோல்ட் உயரத்தில் இருக்கும் A-யை நோக்கி 5 வோல்ட் பேட்டரி என்ன தள்ள முடியும்? தண்ணீர் மேல்மட்டத்திலிருந்துதான் கீழ்மட்டத்துக்கு வரும். வலக்கிளையில் மின்னோட்டம் கீழ்நோக்கித்தான் போயாக வேண்டும். அந்தப் பேட்டரி 9.3 வோல்ட்டைத் தாண்டினால்தான் I₂ கூட்டலாகும். சரியாக அந்த அளவிலேயே நின்றால், பேட்டரி அங்கே இருந்தும் அந்தக் கிளையில் மின்னோட்டமே இருக்காது.

இரண்டு பேட்டரிகளும் மேலே பார்க்கின்றன, ஆகவே இரண்டும் மேலே தள்ளும் என்று அவள் போட்ட ஊகம் விட்டுப்போன இடம் இதுதான். பேட்டரி எந்தப் பக்கம் பார்க்கிறது என்பது மட்டும் போதாது. எதிரே இருப்பவனின் பலமும் சேர்ந்துதான் திசையைத் தீர்மானிக்கிறது.

கிர்க்காஃப் இந்த விதிகளை 1845-இல் வெளியிட்டபோது கோனிக்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் மாணவர்தான், வயது 21. ஓம் தன் விதியை விரிவாக வெளியிட்டு 18 ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. இதைச் சொன்னதும் "21 வயசுலயா" என்று கேட்டாள், கொஞ்சம் எரிச்சலோடு.

புத்தகப் படத்தில் சில விஷயங்களைச் சொல்லாமலே ஒத்துக்கொண்டிருக்கிறோம். கம்பிகளுக்கு மின்தடை இல்லை. பேட்டரிக்கு அகமின்தடை தனியாகக் கொடுக்கவில்லை என்றால் அது இல்லை, அல்லது பக்கத்தில் உள்ள தடையோடு சேர்த்துவிட்டார்கள். சுற்றுக்குள் ஊடுருவும் காந்தப்புலம் நேரத்தோடு மாறவில்லை. கடைசியாகச் சொன்னது முக்கியம். மாறும் காந்தப்பாயம் சுற்றின் வழியே போனால், சுற்றி வந்தவர் கிளம்பிய உயரத்துக்கே வந்து சேர்வார் என்ற பேச்சுக்கு இடமில்லை, தூண்டப்பட்ட மின்னியக்கு விசையையும் கணக்கில் சேர்க்க வேண்டும். பேட்டரியும் மின்தடையும் மட்டும் உள்ள நேர்மின்னோட்டக் கணக்கில் அந்தத் தொல்லை இல்லை.

எல்லாம் முடிந்த பிறகு, அவளைச் சீண்டிப் பார்க்கலாம் என்று ஒரு வேலை கொடுத்தேன். அதே படம். மூன்று அம்புகளையும் A-யைப் பார்த்தே போடு.

"மூணும் உள்ள வந்தா வெளிய எது போகும்? அப்படி இருக்கவே முடியாதே."

"போட்டுத்தான் பாரேன்."

சந்தேகத்தோடு எழுதினாள்.

I₁ + I₂ + I₃ = 0

இடச்சுற்றில் நடுக்கிளையில் இறங்கும்போது அம்பு எதிரே வருகிறது என்று கவனித்து +4I₃ போட்டாள். 14 − 2I₁ + 4I₃ = 0. வலச்சுற்றில் நடுக்கிளையில் அம்போடு ஏறி −4I₃, வலக்கிளையில் எதிர்த்து இறங்கி +3I₂, பிறகு −5. பழைய நோட்டைப் பார்க்காமல் எழுதினாள், விரலைப் படத்தின் மேல் வைத்து. தீர்த்து முடித்தபோது 3, −1, −2.

"ரெண்டு மைனஸ்" என்றாள். பென்சிலைக் கீழே வைத்துவிட்டுப் பேனாவை எடுத்து, நடுக்கிளைக்குப் பக்கத்தில் கீழ்நோக்கி ஒரு அம்பு போட்டு 2 ஆம்பியர் என்று எழுதினாள். வலக்கிளைக்குப் பக்கத்திலும் கீழ்நோக்கி ஒன்று, 1 ஆம்பியர். பிறகு விரலை B-யில் வைத்து, மூன்று சாலையிலும் ஏறி எட்டு வருகிறதா என்று எண்ண ஆரம்பித்தாள்.